ஸ்ட்ரைடரா, வீசிங்கா? மூச்சின் சத்தத்தை வைத்து அடைப்பின் இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

"டாக்டர், எனக்கு வீசிங் நிக்கவே மாட்டேங்குது."

46 வயதுப் பெண் ஒருவர் இப்படிச் சொல்லிக்கொண்டு உங்கள் முன்னால் வந்து உட்காருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பையில் இரண்டு இன்ஹேலர்கள். மூன்று மாதத்தில் இரண்டு முறை ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருக்கிறார், நெபுலைசர் பலமுறை வைத்திருக்கிறார். எதிலும் பெரிய மாற்றம் இல்லை. பழைய சீட்டுகள் எல்லாவற்றிலும் "ஆஸ்துமா, வீசிங்" என்றே எழுதியிருக்கிறது. இவரைப் பற்றிக் கடைசியில் முழுதாகப் பார்ப்போம். அதற்கு முன்பு, அந்த "வீசிங்" என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மூச்சில் என்ன சத்தம் வந்தாலும் நம் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான். அதற்குள் இரண்டு வேறு சத்தங்கள் ஒளிந்திருக்கின்றன. மார்புக்குள் இருக்கும் மூச்சுக்கிளைகள் சுருங்கும்போது, பெரும்பாலும் மூச்சை வெளியே விடும்போது, விசில் போல வருவது வீசிங். தொண்டை, குரல்வளை, கழுத்தில் இருக்கும் மூச்சுக்குழாய் ஆகியவை சுருங்கும்போது, பெரும்பாலும் மூச்சை உள்ளே இழுக்கும்போது, கரகரப்பாகவோ கீச்சென்றோ வருவது ஸ்ட்ரைடர். இந்த வரையறையை எல்லாரும் மனப்பாடம் செய்கிறோம். ஏன் ஒன்று இழுக்கும்போதும் மற்றொன்று விடும்போதும் வருகிறது என்பது புரிந்துவிட்டால் மனப்பாடமே தேவைப்படாது. வரையறைக்குள் அடங்காத சத்தம் வரும்போதும் தடுமாற மாட்டோம்.

முதலில் ஓர் எல்லைக்கோடு

மூச்சுப்பாதை ஒரே குழாய்தான். அதன் ஒரு பகுதி மார்புக்கூட்டுக்கு வெளியே இருக்கிறது, மற்றொரு பகுதி உள்ளே இருக்கிறது. கழுத்தின் கீழே, நெஞ்செலும்பின் மேல்முனையில், விரல் வைத்தால் ஒரு குழி தட்டுப்படும். எல்லை ஏறக்குறைய அங்கே. குரல்வளையும் மூச்சுக்குழாயின் மேல்பகுதியும் அந்தக் கோட்டுக்கு மேலே. மூச்சுக்குழாயின் மிச்சமும் அதன் கிளைகளும் கோட்டுக்குக் கீழே.

இந்தக் கோடு முக்கியமாவதற்குக் காரணம், குழாயின் சுவருக்கு வெளியே இருக்கும் அழுத்தம் இரண்டு பகுதிகளிலும் வேறு என்பதுதான். கழுத்தில் குழாயைச் சுற்றி இருப்பது வெளிக்காற்றின் அழுத்தம். மூச்சை இழுத்தாலும் விட்டாலும் அது மாறாது, அதை பூஜ்யம் என்று வைத்துக்கொள்கிறோம். மார்புக்குள்ளோ குழாயைச் சுற்றி இருப்பது நுரையீரல் உறைக்குள் உள்ள அழுத்தம். மூச்சை இழுக்கும்போது அது இறங்கும், பலமாக விடும்போது ஏறும். குழாயின் உள்ளே இருக்கும் அழுத்தத்தையும் வெளியே இருக்கும் அழுத்தத்தையும் ஒப்பிட்டு, வெளியே அதிகமானால் சுவர் உள்பக்கம் அமுங்கும், உள்ளே அதிகமானால் விரியும். இந்த ஒரு விதியே சத்தத்தின் நேரத்தை முடிவு செய்கிறது.

கழுத்தில் அடைப்பு: இழுக்கும்போது ஏன்?

ஊறிப்போன காகித ஸ்ட்ராவின் நுனியை விரலால் பாதி அழுத்திக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள். அழுத்திய இடத்துக்கும் வாய்க்கும் இடையே உள்ள பகுதி சப்பையாக ஒட்டிக்கொள்ளும். அதே ஸ்ட்ராவில் ஊதினால் அது விரிந்து நிற்கும்.

கழுத்தில் நடப்பதும் இதுதான். குரல்வளையில் வீக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றை உள்ளே கொண்டுவர நோயாளி பலமாக இழுக்கிறார். அடைப்புக்குக் கீழே, குழாயின் உள்ளே அழுத்தம் -20 செ.மீ. நீர் அளவுக்கு இறங்குகிறது. வெளியே, கழுத்தில், அழுத்தம் பூஜ்யம். ஆகவே 20 செ.மீ. அழுத்தம் சுவரை உள்ளே தள்ளுகிறது. ஏற்கெனவே குறுகலான இடம் இன்னும் குறுகுகிறது, அதில் பாயும் காற்று வேகமெடுத்துச் சுழல்கிறது, சுவர் அதிர்கிறது. அந்த அதிர்வைத்தான் ஸ்ட்ரைடராகக் கேட்கிறோம். மூச்சை விடும்போது குழாயின் உள்ளே அழுத்தம் பூஜ்யத்துக்கு மேலே போவதால் சுவர் விரிகிறது, சத்தம் அடங்குகிறது.

இதில் ஒரு கொடுமையும் இருக்கிறது. எவ்வளவு பலமாக இழுக்கிறாரோ அவ்வளவுக்குக் குழாய் குறுகும். அழுகிற குழந்தைக்கு ஸ்ட்ரைடர் அதிகமாவது இதனால்தான். அந்தக் குழந்தையைத் தாயின் மடியிலிருந்து பிரிக்காமல் இருப்பதும் ஒரு சிகிச்சையே.

மார்புக்குள் அடைப்பு: விடும்போது ஏன்?

மார்புக்குள் கதை தலைகீழ். மூச்சை இழுக்கும்போது உறைக்குள் அழுத்தம் குழாயின் உள்ளே இருப்பதைவிட அதிகமாக இறங்குகிறது. விரியும் நுரையீரலும் கிளைகளின் சுவரை நாலா பக்கமும் பிடித்து இழுக்கிறது. குறுகலான கிளைகூட இழுக்கும்போது சற்றுத் திறந்து கொடுக்கும்.

விடும்போது கணக்கு மாறுகிறது. நோயாளி சிரமப்பட்டு ஊதுகிறார், உறைக்குள் அழுத்தம் +20 ஆகிறது. காற்றுப்பைகளில் அந்த 20-உடன் நுரையீரலின் சொந்த மீள்விசை, சுமார் 5, சேர்ந்து 25 ஆகிறது. காற்று அங்கிருந்து வாயை நோக்கி வர வர அழுத்தம் குறைந்துகொண்டே வரும். எங்கோ ஓரிடத்தில் அது 20-ஐத் தொடும். அந்த இடத்தில் உள்ளும் புறமும் சமம். அதைத் தாண்டியதும் குழாயின் உள்ளே இருப்பதைவிட வெளியே அதிகம், சுவர் அமுங்குகிறது. நல்ல நுரையீரலில் இந்தச் சம அழுத்தப் புள்ளி குருத்தெலும்பு தாங்கி நிற்கும் பெரிய குழாய்களில் விழும், அதனால் பெரிய பாதகம் இல்லை. ஆஸ்துமாவில் சிறிய கிளைகளிலேயே அழுத்தம் மளமளவென்று குறைந்துவிடுவதால், புள்ளி தாங்கல் குறைந்த உட்கிளைகளை நோக்கி நகர்கிறது. அங்கே சுவர்கள் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு நெருங்கி, காற்றின் பாய்ச்சலில் படபடக்கின்றன. அந்தப் படபடப்பின் இசைதான் வீசிங்.

அந்த இசையின் சுருதியை வைத்து "இது பெரிய கிளை, அது சிறிய கிளை" என்று சொல்லும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதில் நம்பிக்கை வைக்காதீர்கள். புல்லாங்குழலில் நீளம் சுருதியைத் தீர்மானிக்கிறது, மூச்சுக்கிளையில் அப்படி இல்லை. சுவரின் கனமும் விறைப்பும் காற்றின் வேகமும்தான் அங்கே சுருதியைத் தருகின்றன. அதோடு, மிகச் சிறிய கிளைகளில் காற்று சத்தம் எழுப்ப முடியாத அளவுக்கு மெதுவாகவே நகர்கிறது. நோய் சிறு கிளைகளில் இருக்கலாம், காதில் விழும் விசில் அவற்றைவிடப் பெரிய கிளைகளில் பிறக்கிறது. சுருதி ஒன்றா, பலவா என்பதுதான் பயன்படும் கேள்வி. அதற்கு வருவோம்.

படி 1: ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டுவதற்கு முன்

முதல் அரை நிமிடம் கையால் மட்டும் பாருங்கள். நோயாளியின் மார்பில் உள்ளங்கையை வையுங்கள், குழந்தையென்றால் வயிற்றில். கை மேலே எழும்போது உள்மூச்சு, இறங்கும்போது வெளிமூச்சு. இப்போது சத்தம் எந்தப் பாதியில் வருகிறது என்று கவனியுங்கள்.

இது அற்பமான வேலையாகத் தோன்றும். ஆனால் தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். நிமிடத்துக்கு 50 தடவை மூச்சு விடும் குழந்தையிடம் காதை மட்டும் நம்பினால், உள்மூச்சையும் வெளிமூச்சையும் மாற்றிச் சொல்லிவிடுவோம். கை பொய் சொல்லாது. பெற்றோர் வீட்டில் எடுத்த வீடியோ இருந்தால் அதையும் இப்படியே பாருங்கள். குழந்தையின் மார்பு தெரியும்படி எடுத்திருந்தால் அது பெரிய உதவி.

எந்தப் பாதி நீண்டிருக்கிறது என்பதையும் இதே நேரத்தில் பார்த்துவிடலாம். கழுத்தில் அடைப்பு என்றால் உள்மூச்சு இழுபடும், கழுத்துக்குழியும் விலா இடைவெளிகளும் உள்வாங்கும். மார்புக்குள் பரவலான அடைப்பு என்றால் வெளிமூச்சு நீளும், மார்பு உப்பி நிற்கும்.

படி 2: கழுத்து முதலில், மார்பு பிறகு

நாம் வழக்கமாக முதுகில் ஆரம்பிக்கிறோம். சத்தமான மூச்சோடு வருபவரிடம் அந்த வரிசையை மாற்றுங்கள். முதலில் ஸ்டெதஸ்கோப்பைக் குரல்வளைக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு மூன்று மூச்சு கேளுங்கள். பிறகு கழுத்துக்குழி, பிறகு மார்பின் இரு பக்கமும்.

ஸ்ட்ரைடர் கழுத்தில்தான் உரக்கக் கேட்கும். கீழே போகப் போகக் குறையும், ஆனால் மறைந்துவிடாது. மூச்சுக்குழாய் வழியே அது நுரையீரல் முழுக்கப் பரவுகிறது. முதுகில் மட்டும் வைத்துக் கேட்பவருக்கு "இரண்டு பக்கமும் வீசிங்" என்று தோன்றுவது இதனால்தான். அந்தப் பெண்ணின் சீட்டுகளில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்ததும் இதுவாக இருக்கலாம் என்ற சந்தேகம் இப்போதே வர வேண்டும். வீசிங் அப்படியல்ல, மார்பில் உரக்கவும் கழுத்தில் மெலிதாகவும் கேட்கும்.

மார்பில் கேட்கும்போது, சுருதிகளை எண்ணுங்கள். ஆஸ்துமாவில் பல கிளைகள் பல அளவில் குறுகியிருப்பதால், பல சுருதிகள் ஒன்றாகக் கலந்து வரும், இடத்துக்கு இடம் மாறும். எங்கே வைத்தாலும் ஒரே சுருதி, ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடிகிறது என்றால், ஒரே ஒரு பெரிய குழாயில் ஒரே ஓர் அடைப்பு என்று நினைக்க வேண்டும். அந்த ஒற்றைச் சுருதி ஒரு பக்க மார்பில் மட்டும் கேட்டு, அந்தப் பக்கம் காற்றோட்டமும் குறைந்திருந்தால், குழந்தையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "இருமல் தொடங்கிய அன்று வாயில் ஏதாவது போட்டுக்கொண்டு புரையேறியதா?"

படி 3: நேரத்தை இடமாக மொழிபெயர்ப்பது

இப்போது கையில் இரண்டு தகவல்கள் இருக்கின்றன: எந்தப் பாதியில் வருகிறது, எங்கே உரக்கக் கேட்கிறது.

உள்மூச்சில் மட்டும் சத்தம் என்றால் அடைப்பு குரல் நாண்களிலோ அதற்கு மேலோ இருக்க வாய்ப்பு அதிகம், அங்கே சுவர் மென்மையாக இருக்கிறது. பிறந்து சில வாரங்களில் தொடங்கி, மல்லாந்து படுத்தாலும் அழுதாலும் பால் குடித்தாலும் கூடி, குப்புறப் பிடித்தால் குறையும் ஸ்ட்ரைடர் இதற்கு நல்ல உதாரணம். குரல்வளையின் மேல்திசு தளர்ந்திருந்து, ஒவ்வொரு உள்மூச்சிலும் உள்ளே மடிகிறது. கைக்குழந்தைகளின் ஸ்ட்ரைடருக்கு இதுவே முதன்மையான காரணம். எடை நன்றாக ஏறுகிறது, நீலம் பாய்வதில்லை என்றால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றரை, இரண்டு வயதுக்குள் தானாகவே சரியாகிவிடும்.

வெளிமூச்சில் மட்டும், பல சுருதிகளில் என்றால் மார்புக்குள் பரவலான சுருக்கம். வெளிமூச்சில் மட்டும், ஒற்றைச் சுருதியில் என்றால் மார்புக்குள் இருக்கும் மூச்சுக்குழாயோ பெரிய கிளையோதான். மூச்சுக்குழாயின் சுவர் தளர்ந்த குழந்தைகள் இந்த வகை. அவர்களுக்கும் "வீசிங்" என்று பெயர் வைத்து நெபுலைசர் வைப்பதுண்டு. சிலருக்கு அது நிலைமையை மோசமாக்கும். குழாயின் பின்சுவரில் உள்ள தசையின் விறைப்புதான் அந்தத் தளர்ந்த குழாயைக் கொஞ்சமாவது தாங்கி நிற்கிறது, மருந்து அந்த விறைப்பையும் தளர்த்திவிடுகிறது.

இரண்டு பாதிகளிலும் சத்தம் வந்தால்தான் உண்மையில் கவனம் கூட வேண்டும். அதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. ஒன்று, அடைப்பு அழுத்தத்துக்கு அசைந்து கொடுக்காத வகை: தழும்பு, கட்டி, குழாயைச் சுற்றி வளைத்த இரத்தக்குழாய். சுவர் விரியவும் இல்லை, அமுங்கவும் இல்லை என்பதால் எந்தப் பாதியிலும் தப்பிக்க வழியில்லை. குரல் நாண்களுக்குச் சற்றுக் கீழே இருக்கும் அடைப்பும் இப்படியே நடந்துகொள்ளும். அங்கே க்ரிகாய்டு குருத்தெலும்பு முழு வளையமாகச் சுற்றி நிற்கிறது, மற்ற வளையங்களைப் போல பின்னால் திறந்திருப்பதில்லை.

மற்றொரு விளக்கம், அடைப்பு முற்றிவிட்டது என்பது. இரவில் நாய் குரைப்பது போன்ற இருமலோடு விழித்துக்கொள்ளும் குழந்தைக்கு வருவது குரூப். வைரஸ் தொற்றால் குரல் நாண்களுக்குக் கீழே ஏற்படும் வீக்கம் இது. தொடக்கத்தில் அழும்போது மட்டும், உள்மூச்சில் மட்டும் ஸ்ட்ரைடர் வரும். சும்மா இருக்கும்போதும் வரத் தொடங்கினால் ஒரு படி ஏறிவிட்டது. வெளிமூச்சிலும் வரத் தொடங்கினால் இன்னொரு படி ஏறிவிட்டது. அளவுகளைப் பார்த்தால் இது எவ்வளவு வேகமாக நடக்கக்கூடும் என்பது புரியும். கைக்குழந்தையின் குழாய் அந்த இடத்தில் சுமார் 4 மி.மீ. விட்டம் கொண்டது. சுற்றிலும் 1 மி.மீ. வீங்கினால் மிஞ்சுவது 2 மி.மீ. விட்டம் பாதியானால், சீரான ஓட்டத்தில்கூடத் தடை 16 மடங்காகும், அழும்போது ஓட்டம் சுழலும் என்பதால் அதைவிடவும் கூடும். அதே 1 மி.மீ. வீக்கம் 16 மி.மீ. விட்டமுள்ள பெரியவரின் குழாயில் வந்தால் தடை இரண்டு மடங்குகூட ஆகாது.

குரூப் சிகிச்சை இங்கே நம் பொருள் அல்ல. ஆனால் மருந்து ஏன் வேறு என்பதைச் சொல்லாமல் விடமுடியாது. சால்பியூட்டமால் தளர்த்துவது தசையை. குரூப்பில் சுருங்கியிருப்பது தசை அல்ல, வீங்கியிருப்பது சவ்வு. அதனால்தான் அங்கே டெக்ஸாமெத்தசோன் ஒரு வேளை, தீவிரமானால் நெபுலைசரில் அட்ரினலின். சத்தத்தைத் தவறாகப் பெயரிட்டால் மருந்தும் தவறிப்போகிறது.

படி 4: குரல், விழுங்குதல், இருமல்

இடத்தை உறுதிப்படுத்த மூன்று கேள்விகள் போதும். குரல் மாறியிருக்கிறதா? கரகரத்திருந்தால் குரல் நாண்கள் தொடப்பட்டிருக்கின்றன. சூடான எதையோ வாயில் வைத்துக்கொண்டு பேசுவது போல மழுங்கியிருந்தால் அடைப்பு அதற்கும் மேலே. குரல் தெளிவாக இருந்து ஸ்ட்ரைடரும் இருந்தால் நாண்களுக்குக் கீழே தேடுங்கள்.

எச்சிலை விழுங்க முடிகிறதா? வாயிலிருந்து வழிந்துகொண்டே, காய்ச்சலோடு, முன்னால் குனிந்து கைகளை ஊன்றி உட்கார்ந்திருப்பவருக்குக் குரல்வளை மூடி வீங்கியிருக்கலாம். அவரைப் படுக்க வைக்காதீர்கள், நாக்கை அழுத்தித் தொண்டையைப் பார்க்காதீர்கள். செயற்கைச் சுவாசக்குழாய் வைக்கத் தெரிந்தவர்கள் பக்கத்தில் வரும்வரை அவர் உட்கார்ந்த நிலையிலேயே இருக்கட்டும். இருமலைப் பற்றி மேலேயே சொன்னேன், குரைப்பு போன்ற இருமல் குரல்வளையைச் சுட்டும்.

படி 5: சத்தம் குறைவதை நலம் என்று எண்ணாதீர்கள்

சத்தம் வர காற்று பாய வேண்டும். அடைப்பு முற்றி, நோயாளி களைத்து, காற்று நகர்வதே குறைந்துவிட்டால் ஸ்ட்ரைடரும் மெலியும், வீசிங்கும் மறையும். ஆஸ்துமாவில் சத்தமே இல்லாத மார்பு மிக மோசமான அறிகுறி என்பது பலருக்குத் தெரியும். ஸ்ட்ரைடருக்கும் அதே விதிதான் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறோம்.

இரண்டையும் பிரித்தறிய, சத்தத்தை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள். நலமாகிறவருக்கு மூச்சின் எண்ணிக்கை இறங்கும், விலா இடைவெளி உள்வாங்குவது நிற்கும், முழு வாக்கியம் பேச வரும், குழந்தை விளையாடக் கேட்கும். களைக்கிறவருக்கோ சத்தம் குறையும்போதே மயக்கம் கூடும், நிறம் வெளிறும், மார்பில் காற்று நுழையும் ஒலியும் குறையும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியை மட்டும் நம்பாதீர்கள். கழுத்து அடைப்பில், குறிப்பாக ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, அந்த எண் கடைசி நேரம் வரை நன்றாகவே இருக்கக்கூடும்.

இந்த முறை எங்கே தடுமாறும்

கடுமையான ஆஸ்துமாவில் உள்மூச்சிலும் வீசிங் வரும். அப்போதும் வெளிமூச்சுதான் நீளமாக இருக்கும், மார்பில்தான் உரக்கக் கேட்கும். அதனால் நேரத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காமல் இடத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொரு தடுமாற்றம், குரல் நாண்கள் உள்மூச்சில் விரிவதற்குப் பதிலாக ஒன்றையொன்று நெருங்கிவிடும் நிலை. இளவயதினரிடமும் விளையாட்டு வீரர்களிடமும் அடிக்கடி பார்க்கிறோம். ஓட்டத்தின் உச்சத்தில் திடீரென்று தொண்டை இறுகி, உள்மூச்சில் சத்தம் வந்து, நின்றால் சில நிமிடங்களில் தணியும். உடற்பயிற்சியால் வரும் ஆஸ்துமா பெரும்பாலும் ஓட்டம் முடிந்த பிறகுதான் உச்சத்துக்குப் போகும். இருவருமே "ஓடினால் வீசிங்" என்றுதான் சொல்வார்கள். "இழுக்கக் கஷ்டமா, விடக் கஷ்டமா? கை வைத்துக் காட்டுங்கள்" என்று கேட்டால், ஒருவர் தொண்டையைப் பிடித்துக் காட்டுவார், மற்றவர் நெஞ்சைக் காட்டுவார். ஒரே ஆளிடம் இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள்.

அந்தப் பெண்ணிடம் திரும்புவோம்

முதலில் கை. மார்பு எழும்போதும் சத்தம், இறங்கும்போதும் சத்தம், எழும்போது சற்று அதிகம். கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால், க்ரிகாய்டுக்குக் கொஞ்சம் கீழே காதைத் துளைக்கிறது. முதுகில் அதே சத்தம் மெலிதாக, இரு பக்கமும் ஒரே சுருதியில். குரல் தெளிவாக இருக்கிறது. எச்சில் விழுங்குவதில் சிரமம் இல்லை.

இதுவரை சேர்ந்ததை இடமாக மாற்றினால்: ஒற்றைச் சுருதி, ஆகவே ஒரே அடைப்பு. கழுத்தில் உரக்க, ஆகவே எல்லைக்கோட்டுக்கு மேலே. குரல் தெளிவு, ஆகவே நாண்களுக்குக் கீழே. இரு பாதியிலும் சத்தம், ஆகவே அசையாத சுவர்.

அசையாத சுவர் என்றால் தழும்பா, கட்டியா? இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "இதற்கு முன்னால் எப்போதாவது வாய் வழியாக டியூப் போட்டு வெண்டிலேட்டரில் இருந்தீர்களா அம்மா?" ஆம், ஐந்து மாதம் முன்பு நிமோனியாவுக்காக ஒன்பது நாள். வீட்டுக்கு வந்து ஐந்து வாரத்தில் மாடி ஏறும்போது மூச்சு வாங்கத் தொடங்கியது. மூன்று மாதமாக இன்ஹேலர்.

டியூப்பின் கீழ்முனையில் ஊதிய பலூன் ஒன்று குழாயின் சுவரோடு ஒட்டி நிற்கும். அதன் அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. நீருக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டி நீடித்தால் சவ்வின் நுண்குழல்களில் இரத்தம் நின்று, சவ்வு செத்து, புண் ஆறும்போது தழும்பு சுருங்கி வளையமாகிறது. தழும்பு சுருங்க வாரங்கள் ஆகும். அதனால்தான் வீட்டுக்கு நலமாகப் போனவர் பிறகு வருகிறார். பெரியவரின் மூச்சுக்குழாய் தாராளமானது என்பதால் நோய் நீண்ட நாள் மறைந்தே இருக்கும். வழி ஏறக்குறைய 8 மி.மீ.-க்குக் கீழே போனால்தான் நடக்கும்போது மூச்சு வாங்கும், 5 மி.மீ. அளவுக்கு வந்தால் சும்மா இருக்கும்போதும் ஸ்ட்ரைடர் கேட்கும். உட்கார்ந்திருக்கும்போதே சத்தம் வரும் இவர் அந்த இரண்டாவது கட்டத்துக்கு வந்துவிட்டார்.

ஸ்பைரோமெட்ரி செய்கிறோம். முதல் நொடியில் ஊதிய காற்று, அதாவது எஃப்.இ.வி.1, 2.1 லிட்டர். உச்ச வேகம் நிமிடத்துக்கு 150 லிட்டர். ஆஸ்துமாவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகக் குறையும். பெரிய குழாயின் அடைப்பில் உச்ச வேகம்தான் அதிகம் அடிபடும், அது ஊதலின் தொடக்கத்தில், பெரிய குழாய்களைச் சார்ந்து எழுவது. எஃப்.இ.வி.1-ஐ மில்லிலிட்டரில் எடுத்து உச்ச வேகத்தால் வகுத்தால் 2100 ÷ 150 = 14. இது 10-ஐத் தாண்டினால் பெரிய குழாய் அடைப்பைத் தேட வேண்டும்.

எண்ணைவிட வளைவுதான் தெளிவாகப் பேசும். ஓட்டத்தையும் கொள்ளளவையும் வைத்து வரையும் அந்தப் படத்தில் மேல்பாதி வெளிமூச்சு, கீழ்பாதி உள்மூச்சு. கழுத்தில் அசையும் அடைப்பு என்றால் கீழ்பாதி மட்டும் தட்டையாகும். மார்புக்குள் பெரிய குழாயில் அசையும் அடைப்பு என்றால் மேல்பாதி மட்டும் தட்டையாகும். ஆஸ்துமாவில் மேல்பாதி தட்டையாகாது, உச்சியிலிருந்து குழிந்து இறங்கும். இவருக்கு மேலும் கீழும் தட்டையாகி, படம் ஒரு பெட்டி போல நிற்கிறது. காதால் கேட்டதையே கருவி கோடாக வரைந்திருக்கிறது. மூன்று மாதத்தில் எடுத்த ஸ்பைரோமெட்ரித் தாள்களைப் பார்த்தால் அவற்றிலும் இதே பெட்டி இருக்கும். எண்களை மட்டும் படித்துவிட்டுப் படத்தைப் பார்க்காமல் விட்டிருப்பார்கள்.

சி.டி.-யிலும் பிராங்கோஸ்கோப்பியிலும் குரல் நாண்களுக்கு இரண்டரை செ.மீ. கீழே தழும்பு வளையம், நடுவில் 5 மி.மீ. வழி. பார்ப்பதற்கு முன்பே மயக்க மருத்துவரும் அறுவை மருத்துவரும் அறையில் இருக்க வேண்டும். சிறு வீக்கமோ கோழையோ அந்த 5 மி.மீ.-ஐ மூடிவிடும். வளையம் மெலிதாக இருந்தால் உள்ளிருந்தே விரிக்கலாம், ஆனால் மீண்டும் சுருங்கக்கூடும். நீளமான தழும்பென்றால் அந்தத் துண்டை வெட்டியெடுத்து இரு முனைகளையும் சேர்த்துத் தைப்பதே நிலைத்து நிற்கும். இவருக்கு அப்படிச் செய்து ஆறு வாரம் கழித்து மறுபடி ஊதச் சொன்னால், மேல்பாதியில் கூரான உச்சியும் கீழ்பாதியில் வட்ட வளைவும் திரும்பியிருக்கும். கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் இரண்டு பாதியிலும் காற்றின் மெல்லிய சரசரப்பு மட்டும் கேட்கும். அன்று இரண்டு இன்ஹேலர்களையும் நிறுத்தலாம்.